பிராசஸர் 62 டிகிரி, கேம் 24 ஃபிரேம்: மலிவு போர்டின் வி.ஆர்.எம்-ஐ அளந்த கதை

தம்பியின் கம்ப்யூட்டரில் 6 கோர் பிராசஸர் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு 12 கோர் ரைசன் 9 5900X போட்டோம். மதர்போர்டை மாற்றவில்லை. A520 சிப்செட் போர்டுகளிலேயே அடிமட்ட மாடல் அது. ஆனாலும் அது ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் 5900X இருந்தது. பயாஸைப் புதுப்பித்தோம், பூட் ஆனது, விண்டோஸ் வந்தது. 5900X-உடன் பெட்டியில் கூலர் வராது. அதனால் 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள வாட்டர் கூலர் ஒன்றை வாங்கி, ரேடியேட்டரைக் கேஸின் முன்பக்கத்தில் மாட்டினோம். பிராசஸரின் மேலிருந்த பழைய காற்றாடிக் கூலர் அலமாரிக்குப் போனது.

முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு மாலை, "அண்ணா, அரை மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் திடீர்னு தொங்குது. கொஞ்ச நேரத்துல தானாவே சரியாயிடுது" என்று வந்து நின்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 140 ஃபிரேமில் போய்க்கொண்டிருந்த கேம் ஒரு நொடியில் 24-க்கு விழுந்தது. ஆறேழு நொடி ஊர்ந்தது, பிறகு எதுவுமே நடக்காததுபோல 140-க்குத் திரும்பியது. ஒன்றரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே.

பிராசஸரின் சூட்டைப் பார்த்தேன்: 62 டிகிரி. 5900X-க்கு 90 டிகிரி வரை இடம் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டும் 70-ஐத் தாண்டவில்லை. அதனால் சூடு காரணமில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டு இரண்டு நாளை வீணடித்தேன். டிரைவரை அழித்துப் போட்டேன், ராமைக் கழற்றி மாட்டினேன், வாட்டர் கூலரின் பேஸ்ட்டைக்கூட மாற்றினேன். எதுவும் உதவவில்லை.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை இல்லை என்று புரிந்ததும் HWiNFO-வைத் திறந்து, லாக் எழுதச் சொல்லிவிட்டு அவனை விளையாட விட்டேன். இங்கே ஒரு சின்ன விஷயம் முக்கியம். அந்த மென்பொருள் வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறைதான் அளவெடுக்கும். குறுகிய சரிவு அந்த இடைவெளியில் மறைந்துவிடலாம். நான் அதை 500 மில்லிநொடிக்குக் குறைத்தேன்.

37-ஆவது நிமிடத்தில் முதல் சரிவு. லாக்கில் அந்த இடம் ஏறக்குறைய இப்படி இருந்தது (பார்க்க வசதியாகப் பத்திகளைக் குறைத்திருக்கிறேன்):

```
நேரம்    MHz    W    °C   PROCHOT EXT
37:12   4560   96   62   No
37:13    550   27   58   Yes
37:16    550   25   51   Yes
37:20   4575   94   60   No
```

இதில் கவனிக்க வேண்டியது, விழுந்த விதம். பிராசஸர் தன் சொந்த வரம்பைத் தொட்டால் இப்படி விழாது. 5900X-க்கு ஏ.எம்.டி வைத்திருக்கும் மொத்த மின் வரம்பு, அதாவது `PPT`, 142 வாட். அதை எட்டும்போது வேகம் நூறு, இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்று நாசூக்காக இறங்கும். விளையாடுபவருக்குத் தெரியவே தெரியாது. தானே சூடானாலும் படிப்படியாகத்தான் குறைக்கும். இங்கேயோ 12 கோரும் ஒரே நொடியில் 550-க்குப் போயிருக்கின்றன. அப்போது வரம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் செலவாகிக்கொண்டிருந்தது. யாரோ வெளியிலிருந்து தலையில் தட்டி உட்கார வைத்ததுபோல.

அந்த "யாரோ" யார் என்பதை லாக்கின் கடைசிப் பத்தி சொல்கிறது. HWiNFO-வில் அதன் முழுப் பெயர் `Thermal Throttling (PROCHOT EXT)`. பிராசஸரில் `PROCHOT` என்று ஒரு பின் உண்டு. அது இருவழிப் பாதை. பிராசஸர் தானே சூடானால் அதன் வழியாக வெளியே சொல்லும். வெளியே வேறு ஏதாவது சூடானால், போர்டு அதே பின் வழியாக "குறை" என்று பிராசஸருக்கு உத்தரவு கொடுக்கும். `EXT` என்று இருந்தால் உத்தரவு வெளியிலிருந்து வந்தது என்று பொருள். பிராசஸர் அதைக் கேள்வி கேட்காது, அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும்.

டெஸ்க்டாப் போர்டில் அந்த உத்தரவைக் கொடுப்பது பெரும்பாலும் வி.ஆர்.எம். பவர் சப்ளையிலிருந்து 8 பின் கேபிளில் வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்குத் தேவையான ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் பகுதி அது. பிராசஸர் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் வரிசையாகச் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் தெரியுமே, அவை சோக்குகள். அவற்றை ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட்கள். சூடாவது முக்கியமாக இந்த மாஸ்ஃபெட்கள்தான். நல்ல போர்டில் இவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கும். தம்பியின் போர்டில் அது கிடையாது. கோர்களுக்கு என்று நான்கே நான்கு ஃபேஸ், அதாவது மாஸ்ஃபெட்டும் சோக்கும் சேர்ந்த நான்கு தொகுதி, எல்லாம் மொட்டையாக நிற்கின்றன.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். கேமில் பிராசஸர் 96 வாட் எடுக்கிறது. அதில் 20 வாட்டை மெமரி கண்ட்ரோலரும் மற்றவையும் எடுத்துக்கொள்ள, கோர்களுக்குப் போவது 76 வாட். வோல்ட்டேஜ் 1.33 என்றால் மின்னோட்டம் 57 ஆம்பியர். நான்கு ஃபேஸுக்குப் பிரித்தால் ஆளுக்கு 14 ஆம்பியர் சொச்சம். ஆம்பியர் ஏற ஏற, மாஸ்ஃபெட்டின் மின்தடையால் வரும் சூடு அதன் வர்க்கமாக ஏறும். இந்தப் பிராசஸர் நீடித்து எடுக்க அனுமதிக்கப்பட்ட மின்னோட்டம் 95 ஆம்பியர். 57-இலிருந்து 95 என்பது 1.67 மடங்குதான். ஆனால் சூடு 2.8 மடங்கு. போதாததற்கு மாஸ்ஃபெட் சூடாகும்போது அதன் மின்தடையும் கூடும். 100 டிகிரி தாண்டினால் அறைச் சூட்டில் இருந்ததைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சூடானதால் இன்னும் சூடாகும் என்ற சுழல் இது. கடைசிப் பத்து டிகிரியில்தான் அதன் வேலை தெரியும்.

சரி, சந்தேகம் சந்தேகம்தான், அளந்தால்தானே ஆச்சு. போர்டில் வி.ஆர்.எம் சென்சார் எதுவும் மென்பொருளில் தெரியவில்லை. மலிவு போர்டுகளில் இது சாதாரணம். சூட்டை உணரும் தெர்மிஸ்டர் மாஸ்ஃபெட் அருகிலேயே இருக்கும், கண்ட்ரோலர் அதைப் படித்துக்கொள்ளும், நமக்கு மட்டும் காட்டாது. இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தேன். அதன் வட்டம் ஒரு மாஸ்ஃபெட்டைவிடப் பெரியது. அருகிலிருக்கும் சோக்கையும் வெற்றுப் பலகையையும் சேர்த்துச் சராசரியாக 80 என்று காட்டியது. அதை நம்பியிருந்தால் அடுத்த தப்பைச் செய்திருப்பேன்.

அதனால் மல்டிமீட்டருடன் வந்த கே-வகைத் தெர்மோகப்பிளை எடுத்தேன். அதன் நுனி வெறும் உலோகக் குண்டு. மாஸ்ஃபெட் கால்களைத் தொட்டால் ஷார்ட் ஆகி போர்டே போய்விடும். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, மாஸ்ஃபெட்டின் கறுப்பு முதுகில் முதலில் ஒரு துண்டு காப்டன் டேப், அதன்மேல் தெர்மோகப்பிள் நுனி, அதன்மேல் இன்னொரு டேப் என்று ஒட்டினேன். டேப் இடையில் இருப்பதால் உண்மையைவிட ஓரிரு டிகிரி குறைவாகக் காட்டும். பரவாயில்லை. நான்கில் எதை அளப்பது என்றால், ஓரத்தில் இருப்பதைவிட நடுவில் இருப்பதுதான் சூடு. இரண்டு பக்கத்து அண்டை வீட்டாரும் சேர்ந்து வாட்டுவார்கள்.

அறை 30 டிகிரி. தம்பி விளையாடினான், நான் மீட்டரைப் பார்த்து எழுதினேன். 10-ஆவது நிமிடம் 88. 20-இல் 99. 30-இல் 107. 37-ஆவது நிமிடம் 112-ஐத் தொட்டதும், "அண்ணா, விழுந்துடுச்சு!" என்றான். பிராசஸர் 25 வாட்டுக்கு இறங்கிய சில நொடிகளில் 104-க்குக் குறைந்தது, கேம் திரும்பியது, மீட்டர் மறுபடி ஏறத் தொடங்கியது. ஒன்றரை நிமிடத்தில் அடுத்த சுற்று. ரம்பப் பல் மாதிரி.

இனி "ஏன் 37 நிமிடம்" என்ற கேள்வி. ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட்டுக்கு இந்தப் போர்டின் செம்புத் தகடுதான் ஹீட்சிங்க். கேஸுக்குள் இருக்கும் காற்று, கிராஃபிக்ஸ் கார்டின் முதுகுத் தகடு, போர்டு எல்லாம் ஊறிச் சூடாகி நிலைக்கு வர அரை மணி நேரத்துக்குமேல் ஆகிறது. பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டு "இந்தப் போர்டு தாங்குகிறது" என்று சொல்பவர் 88 டிகிரியைத்தான் பார்க்கிறார். மறுபக்கம், எல்லாக் கோரையும் முழுச் சுமையில் ஓட்டும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் R23-ஐப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்திலேயே 550-க்கு விழுந்துவிட்டது. அதை மட்டும் பார்ப்பவர் போர்டைத் தூக்கிப் போடச் சொல்வார். கேம் ஒருபோதும் அந்த அளவு மின்னோட்டம் கேட்பதில்லை. ஒரே விதிவிலக்கு, கேம் முதல்முறை திறக்கும்போது ஷேடர்களைத் தொகுக்கும் அந்தச் சில நிமிடங்கள். அப்போது 12 கோரும் முழு மூச்சில் ஓடி 130 வாட்டைத் தாண்டும். புது அப்டேட் வந்த நாளில் சரிவு 37-க்குப் பதில் 26-ஆவது நிமிடத்திலேயே வந்தது. காரணம் இதுதான், விளையாட்டு தொடங்கும்முன்பே வி.ஆர்.எம் சூடேறி உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றையும் சினிபெஞ்ச் ஓடும்போதே பார்த்து வைத்தேன். HWiNFO-வில் `Power Reporting Deviation (Accuracy)` என்று ஒரு வரி உண்டு. பிராசஸருக்குத் தான் கொடுக்கும் மின்னோட்டத்தைச் சில போர்டுகள் குறைத்துச் சொல்லும். பிராசஸர் அதை நம்பி வரம்பைத் தாண்டி எடுக்கும். முழுச் சுமையில், வேகம் சரியாமல் இருக்கும்போது மட்டும்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. சும்மா இருக்கும்போதோ கேமிலோ பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். எனக்கு 93 சதவீதம் காட்டியது. அதாவது 142 வாட் என்று திரையில் தெரியும்போது உண்மையில் 150-க்குமேல். வி.ஆர்.எம்மின் தலையில் இன்னும் கொஞ்சம் சுமை.

இத்தனைக்கும் அதே போர்டில் பழைய 6 கோர் பிராசஸர் இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் ஓடியது. அது குறைவாக எடுத்தது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அலமாரியில் கிடந்தது. பழைய கூலர் காற்றை மேலிருந்து கீழே போர்டை நோக்கி ஊதும் வகை. பிராசஸரைத் தாண்டி வரும் அந்தக் காற்று நான்கு பக்கமும் சிதறி, வி.ஆர்.எம்-ஐயும் தடவிக்கொண்டு போகும். யாரும் திட்டமிட்டுக் கொடுத்த வசதியோ இல்லையோ, ஹீட்சிங்க் இல்லாத போர்டுகள் அதை நம்பித்தான் வாழ்கின்றன. வாட்டர் கூலரில் பிராசஸரின் மேல் பம்ப் மட்டும்தான். சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே இல்லை. நாங்கள் ரேடியேட்டரை முன்பக்கம் வைத்ததால் உள்ளே வந்த கொஞ்சநஞ்சக் காற்றும் பிராசஸரின் சூட்டைச் சுமந்துகொண்டு வந்தது. பிராசஸரைக் குளிரவைக்கப் போட்ட சாமான்தான் வி.ஆர்.எம்-ஐ வேகவைத்தது.

முதல் சோதனை மிக எளிது. கேஸின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் 81-ஐத் தாண்டவில்லை, ஒரு சரிவுகூட இல்லை. செலவில்லாமல் சந்தேகத்தை உறுதி செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. தெர்மோகப்பிள் இல்லாதவர்கள் இதோடு `PROCHOT EXT` வரியை மட்டும் பார்த்தால் போதும். அந்த மென்பொருளின் அதிகபட்சப் பத்தியில் ஒருமுறை `Yes` வந்துவிட்டால் அது அழியாமல் நிற்கும்.

அடுத்து ரேடியேட்டரைக் கேஸின் மேல்பக்கத்துக்கு மாற்றி, காற்றை வெளியே தள்ளும்படி வைத்தேன். முன்பக்கம் இப்போது அறைக்காற்று நேராக உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் மீட்டர் 103-இல் நின்றது. சரிவு இல்லை. ஆனால் மூன்று நாள் கழித்து வெக்கை கூடுதலாக இருந்த ஒரு மதியம், 1 மணி 50 நிமிடத்தில் ஒருமுறை விழுந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம், அவ்வளவுதான் என்று புரிந்தது.

அப்புறம் ஒட்டும் வகைச் சின்ன அலுமினிய ஹீட்சிங்குகள். இதற்கு நான் நிறைய எதிர்பார்த்தேன், கிடைத்தது வெறும் 5 டிகிரி. காற்று அசையாத இடத்தில் சின்ன ஹீட்சிங்க் பெரிதாக எதுவும் செய்யாது. அதோடு கேஸுக்குள் போர்டு செங்குத்தாக நிற்கிறது. சூட்டில் பசை இளகி, ஒரு துண்டு இரவில் கழன்று கிராஃபிக்ஸ் கார்டின் முதுகுத் தகட்டின்மேல் விழுந்து கிடந்தது. காலையில் அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் ஏதாவது இணைப்பின் குறுக்கே படுத்திருக்கும். மீதி மூன்றையும் அன்றே பிடுங்கிவிட்டேன்.

வேலை செய்தது 80 மி.மீ. ஃபேன் ஒன்று. பின்பக்க ஃபேனின் சட்டத்தில் கேபிள் டை போட்டுக் கட்டி, வி.ஆர்.எம் வரிசையைப் பார்க்கும்படி சாய்த்தேன். முதல் நாள் 103 என்பது 97-க்குத்தான் வந்தது, ஏமாற்றம். பிறகுதான் கவனித்தேன், ஃபேன் 600 சுற்றில் தூங்கிக்கொண்டிருந்தது. பயாஸ் அதைப் பிராசஸரின் சூட்டை வைத்து ஓட்டுகிறது. பிராசஸரோ வாட்டர் கூலர் புண்ணியத்தில் 62-இல் சொகுசாக இருக்கிறது, ஃபேனுக்கு வேகமெடுக்கக் காரணமே இல்லை. அந்த ஃபேனுக்கு மட்டும் நிலையான வேகமாக 1400 சுற்று வைத்தேன். மீட்டர் 79-க்கு இறங்கியது.

ஃபேன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். A520-இல் ஓவர்க்ளாக் கிடையாது, ஆனால் மின் வரம்பைக் குறைக்க இந்த போர்டின் பயாஸ் விடுகிறது. `AMD CBS` மெனுவுக்குள், `SMU Common Options` என்ற இடத்தில் `Eco Mode` இருந்தது. போர்டுக்குப் போர்டு இடம் மாறும். 65 வாட் என்று தேர்ந்தெடுத்தால் உண்மையில் `PPT` 88 வாட் ஆகும். பெயரைப் பார்த்துப் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு இதை மட்டும் வைத்தபோது 103 என்பது 97 ஆனது. சராசரி ஃபிரேம் 141-இலிருந்து 138. கேம் எடுத்துக்கொண்டிருந்ததே 96 வாட்தானே, எட்டு வாட்டைப் பிடுங்கியதில் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸ் மட்டும் போனது. ஷேடர் தொகுக்கும் நேரத்தில்தான் இதன் உண்மையான பயன். 130-க்குத் தாவாமல் 88-இல் நிற்கும், வி.ஆர்.எம் முன்கூட்டியே சூடேறாது. வீடியோ என்கோடிங் மாதிரி எல்லாக் கோரையும் கசக்கும் வேலை செய்பவருக்கு மட்டும் இழப்பு நன்றாகவே தெரியும்.

ஃபிரேமை 120-இல் பூட்டிப் பார்த்தால் இன்னும் நல்ல பலன், 82 வாட், 93 டிகிரி. "144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு 120-ல விளையாடவா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, அதோடு அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்தப் போர்டு 5900X-ஐக் கேமில் தடுக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில்: தடுக்கிறது, ஆனால் வாட் போதாமல் அல்ல, காற்று போதாமல். 96 வாட்டைக் கொடுக்கும் தெம்பு அந்த நான்கு ஃபேஸுக்கு இருக்கிறது. அதைக் கொடுத்துக்கொண்டே ஆறும் வழி மட்டும் இல்லை. இதையே முழுச் சுமை வேலைக்குக் கேட்டால் என் பதில் வேறு. ஃபேனோடு சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட்டினேன், விழவில்லை, ஆனால் மீட்டர் 106. அந்த மாஸ்ஃபெட்களை ஒட்டியே கெப்பாசிட்டர்களும் நிற்கின்றன, அவை 105 டிகிரிக்கு மதிப்பிடப்பட்டவை. சூடு ஏற ஏற அவற்றின் ஆயுள் மடமடவென்று குறையும். தினமும் ரெண்டரிங் செய்பவர் இந்தப் போர்டை வைத்துப் போராடுவதில் அர்த்தமில்லை, ஹீட்சிங்க் உள்ள போர்டுக்கு மாறிவிடலாம்.

தம்பி கேம் மட்டும்தான் விளையாடுகிறான். ஃபேன், மேலே ரேடியேட்டர், 88 வாட் மூன்றையும் வைத்துவிட்டேன். சென்ற ஞாயிறு மூன்று மணி நேரம் விடாமல் விளையாடினான். மீட்டர் அதிகபட்சம் 74, `PROCHOT EXT` முழுக்க `No`. ஒரே குறை, கேபிள் டையில் தொங்கும் ஃபேன் 1400 சுற்றில் கேஸோடு சேர்ந்து ரீங்காரமிட்டது. சட்டத்துக்கும் ஃபேனுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சொருகினேன், நின்றது. தெர்மோகப்பிளை இன்னும் எடுக்கவில்லை, அதன் வயர் பக்கக் கதவின் இடுக்கு வழியாக வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது.